குடித்ததும் வரும் உற்சாகம், உலுக்கியும் கலையாத தூக்கம்

“டாக்டர், என் கணவருக்கு 38 வயது, எடை 70 கிலோ. சனிக்கிழமை மட்டும் நண்பர்களோடு குடிப்பார். முதலில் பாட்டும் சிரிப்பும், அப்புறம் கோபம், சத்தம். போன மாதம் அடக்கவே முடியாமல் மாமியாரின் தூக்க மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் படுக்க வைத்தோம். ஒரு மாதிரியாகக் குறட்டை விட்டார். தோளைப் பிடித்து உலுக்கியும் எழவில்லை. ‘நல்லா தூங்கட்டும், விடு’ என்றார் மாமியார். காலையில் எழுந்துவிட்டார். எனக்குத்தான் இன்னும் பயம் போகவில்லை. மது மூளையை மந்தமாக்கும் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். அப்படியானால் குடித்ததும் இவருக்குத் தெம்பு வருவது எப்படி? முகம் சூடாவது, ஏப்பம், விடிகாலை விழிப்பு, நெஞ்சு படபடப்பு எல்லாம் நரம்புத் தளர்ச்சியா?”
– வாசகி, பட்டர்வொர்த்

உங்கள் பயம் சரியான பயம். உலுக்கியும் எழாதவரைத் தூங்குகிறார் என்று சொல்ல முடியாது. அவர் அன்று நினைவிழந்து கிடந்திருக்கிறார். காலையில் எழுந்தது அவருடைய நல்ல நேரம். அதனால் அந்த இரவைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

மற்றவற்றை முதலில் முடித்துவிடலாம். முகம் சூடாவது, மது தோலின் ரத்தக்குழாய்களை விரிப்பதால். ஏப்பம் பீரின் வாயுவாலும் வயிற்று அமிலத்தாலும் வருவது. விடிகாலை மூன்று மணிக்கு வியர்த்து, நெஞ்சு படபடத்து விழிப்பது, மது இறங்கும்போது அதுவரை அடங்கிக் கிடந்த மூளை எதிர்ப்பக்கம் துள்ளுவதால். நரம்புத் தளர்ச்சி என்று யாராவது டானிக் விற்க வந்தால் வாங்காதீர்கள். குடிக்காத நாளிலும் படபடப்பு வந்தால் மட்டும் ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

இனி, தெம்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. அதைப் புரிந்துகொண்டால் அந்த மாத்திரை ஏன் ஆபத்து என்பதும் தானாகப் புரியும்.

மூளையில் தூண்டும் செல்களும் உண்டு, அடக்கும் செல்களும் உண்டு. அடக்கும் செல்கள் காபா என்ற ரசாயனத்தைச் சுரக்கும். அது அடுத்த செல்லின் மேல் உள்ள ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் ஒரு வாசல் திறந்து குளோரைடு உள்ளே போகும். அந்தச் செல் அமைதியாகிவிடும். மது இந்த ஏற்பியில் காபாவின் வேலையைக் கூட்டிவிடுகிறது. அதே சமயம், தூண்டும் ரசாயனமான குளூட்டமேட்டின் ஒரு முக்கிய ஏற்பியை மட்டுப்படுத்துகிறது. ஆக, முதல் மடக்கிலிருந்தே மது செய்கிற அடிப்படை வேலை அடக்குவதுதான்.

ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் அடங்குவதில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளையின் முன்பகுதி குறைந்த அளவிலேயே தடுமாறத் தொடங்கும். ‘இதைப் பேசாதே’, ‘இங்கே பாடாதே’, ‘அவர் மூத்தவர், குரலை உயர்த்தாதே’ என்று நாள் முழுக்க நம்மைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பகுதி. ஆசிரியர் வெளியே போன வகுப்பறையில் இரைச்சல் கூடுகிறதே, அது பிள்ளைகளுக்குப் புதிதாகத் தெம்பு வந்ததாலா? உங்கள் கணவரின் பாட்டும் சிரிப்பும் அப்படித்தான். பின்னால் வரும் கோபமும் அதே கணக்கு. கூச்சத்தைப் பிடித்து வைத்திருந்ததுதான் கோபத்தையும் பிடித்து வைத்திருந்தது.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. மூளையில் டோபமின் சுரக்கும் செல்களையும் சில அடக்கும் செல்கள் காவல் காக்கின்றன. மது அந்தக் காவலைத் தளர்த்தும்போது டோபமின் கூடும், மனம் குதூகலிக்கும். அடக்குவதை அடக்கினால் ஆட்டம் வரும், அவ்வளவுதான். இது பெரும்பாலும் ரத்தத்தில் மது ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் நடப்பது. ஏறும்போது ஒரு அளவில் பாடுகிற மனிதர், இறங்கும்போது அதே அளவில் சோர்ந்து கண் சொருகி உட்கார்ந்திருப்பார். அந்த முதல் ஒரு மணி நேரத்து உற்சாகம் திரும்ப வரும் என்று நினைத்து அடுத்தடுத்து ஊற்றுகிறார்கள். திரும்ப வருவது தூக்கம்தான்.

உங்கள் கணவரின் எடையை வைத்தே ஒரு சனிக்கிழமையைக் கணக்குப் போடலாம். 320 மில்லி பீர் டின், 5 சதவீதம் என்றால் அதில் சுமார் 12 கிராம் மது. 70 கிலோ ஆணுக்கு அது 100 மில்லி ரத்தத்தில் சுமார் 25 மில்லிகிராம் ஏற்றும். எட்டு மணிக்கு உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் இரண்டு டின் குடித்தால், கல்லீரல் எரித்தது போக 35 முதல் 40 இருக்கும். பாட்டும் சிரிப்பும் இந்தக் கட்டம். (மலேசியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 50, 2020-இல்தான் 80-லிருந்து குறைத்தார்கள். ‘நல்லா தெளிவாத்தான் இருக்கேன்’ என்று சாவியை எடுப்பவர் இந்த எல்லையின் ஓரத்தில் நிற்கிறார்.)

அதற்கு மேல் 700 மில்லி விஸ்கி பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 350 மில்லி. 40 சதவீதத்தில் அது மட்டுமே 110 கிராம் மது. கல்லீரல் மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம்தான் இறக்கும். அவசரப்படுத்த வழி கிடையாது. பதினோரு மணிக்குள் பாட்டில் முடிந்தால் அவர் ரத்தத்தில் 240-ஐ நெருங்கும். இதற்குள் சிறுமூளை தடுமாறி நடை தள்ளாடும், நாக்குக் குழறும், அப்புறம் விழிப்பை நிலைநிறுத்தும் பகுதியும் மங்கும். 300-ஐத் தாண்டினால் எழுப்புவதே கடினம். 400-ஐ ஒட்டி, மூளையின் அடித்தண்டில் இருந்து மூச்சை ஓட்டுகிற முகுளம் நின்றுபோகக்கூடும். ஆளுக்கு ஆள் இந்த எண்கள் மாறும், ஆனால் வரிசை மாறாது: முதலில் கூச்சம், பிறகு நடை, பிறகு நினைவு, கடைசியில் மூச்சு.

‘அவருக்குப் பழக்கம், தாங்குவார்’ என்பார்கள். பழக்கத்தால் தள்ளாட்டமும் உளறலும் குறையும். மூச்சை நிறுத்தும் அளவு அந்த அளவுக்கு உயர்வதில்லை. தாங்குகிறவர் என்பதால் அதிகம் குடிப்பார், அதிகம் குடித்தும் பார்ப்பவருக்கு நிதானமாகத் தெரிவார். ஆபத்து கூடத்தான் செய்கிறது.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். பெரியவர்கள் வீட்டில் வைத்திருக்கும் தூக்க மாத்திரை பெரும்பாலும் டயாஸிபாம், அல்பிரஸோலம் வகை. அதுவும் வேலை செய்வது அதே காபா ஏற்பியில்தான். தனியாக, சொன்ன அளவில் போட்டால் அது மூச்சை நிறுத்துவது அரிது. ஏற்கெனவே 200-க்கு மேல் மது ஓடும் உடம்பில் போட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். 400-ஐத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் மூச்சு மங்கிவிடும். சத்தம் போடும் மனிதரைப் பார்த்து, இவருக்குத் தெம்பு அதிகமாகிவிட்டது, கொஞ்சம் அடக்குவோம் என்று நினைத்தீர்கள். அவர் மூளை ஏற்கெனவே அடங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் பயத்தில் செய்தது புரிகிறது, ஆனால் இனி ஒருபோதும் செய்யக் கூடாது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை வீட்டில் எல்லோருக்கும் பொதுவான மருந்துபோல் எடுப்பதை என் கிளினிக்கில் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையும் இருமல் மருந்தும்கூட மதுவோடு சேரக் கூடாது.

நீங்கள் கேட்ட அந்த ‘ஒரு மாதிரி’ குறட்டையும் முக்கியம். நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து காற்றுப் பாதை பாதி அடைபடும்போது வரும் சத்தம் அது. சளி கொதிப்பதுபோல் கரகரவென்று இருந்தால் தொண்டையில் வாந்தி தேங்கியிருக்கலாம். இருமித் துப்பும் அனிச்சைச் செயலும் அடங்கியிருப்பதால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இதில் இறந்தவர்களை ‘தூக்கத்தில் போய்விட்டார்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்த முறை அவர் படுத்ததும் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். தோளின் மேல்தசையை அழுத்திக் கிள்ளுங்கள். முனகி, கையைத் தட்டிவிட்டு, ‘விடு’ என்றாவது சொன்னால் தூக்கம். ஒரு அசைவும் இல்லையென்றால் 999 கூப்பிடுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், மாமியாரிடமும். கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து நெஞ்சு எழுவதை எண்ணுங்கள். எட்டுக்கும் குறைவு, அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி என்றால் அதுவும் 999. நம் தோல் நிறத்தில் நீலம் பாய்வது சட்டென்று தெரியாது. உதட்டின் உட்புறமும் நகமும் சாம்பல் நிறமாக இருக்கிறதா என்று விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேல்காலை முட்டியில் மடக்கி முன்னால் வையுங்கள், வாய் தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும், பக்கத்திலேயே இருங்கள். மூச்சே இல்லையென்றால் 999-இல் பேசுபவர் நெஞ்சை அழுத்தச் சொல்லித் தருவார், போனை வைக்காதீர்கள். கோப்பி, மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கத் தெரியாத தொண்டையில் ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போகும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் அதே ஆபத்து. குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உடல் சூடு இன்னும் இறங்கும். கோப்பியால் ரத்தத்தில் மது ஒரு சொட்டும் குறையாது. ‘கொஞ்ச நேரம் பார்க்கலாம்’ என்பதும் வேண்டாம். கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும், படுத்த பிறகும் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அளவு கூடலாம்.

சத்தம் போடும் கட்டத்தில் அவரை அடக்க ஒன்றும் கொடுக்க வேண்டாம். வாதாடாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறு அறைக்குப் போங்கள். கை ஓங்கினால் வீட்டை விட்டு வெளியேறி உதவி கேளுங்கள். குடி அதற்குச் சாக்கு இல்லை.

குடிக்காத ஒரு பகலில் அவரை அருகிலுள்ள அரசு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ஆடிட் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. சனிக்கிழமை குடி எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதை அது காட்டும். உண்மையில் அவர் தினமும் குடிப்பவர் என்று தெரியவந்தால், வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். நாள்தோறும் அடக்கப்பட்ட மூளை, மது நின்ற ஓரிரு நாளில் வலிப்பு வரை போகும். அதை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகச் செய்ய வேண்டும். போகும்போது மாமியாரின் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துப் போய், அன்று எத்தனை மில்லிகிராம் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.