செங்கல் சுவர் போட்டோவில் மியூரல் ஸ்டிக்கர் மாதிரி தெரியாமல் இருக்க

கேள்வி: பூச்சு இல்லாத செங்கல் சுவர், கொஞ்சம் சாய்வா எடுத்த போட்டோ. அதுல ஒரு மியூரல் வரைஞ்ச மாதிரி காட்டணும். Multiply போட்டா கலர் எல்லாம் அழுக்காகுது, Normal போட்டா ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கு, Displace போட்டா துணி மாதிரி நெளியுது. போட்டோஷாப்ல சரியா எப்படி பண்றது?

பதில்:

இந்த வேலையில் பெரும்பாலான டுடோரியல்கள் முதலில் Displace-க்குத்தான் ஓடும். என் அனுபவத்தில் அது கடைசியில் வரும் சின்ன வேலை. நிஜத்தில் சுவரோவியம் வரைபவர் என்ன செய்கிறார்? முதலில் சுவரில் வெள்ளை பிரைமர் அடிக்கிறார். அந்த நிமிஷமே செங்கலின் சிவப்பும் சாந்தின் சாம்பலும் மறைந்துவிடும், மிஞ்சுவது மேடுபள்ளமும் நிழலும் மட்டும்தான். போட்டோவிலும் அதே வரிசையில் போனால் நீங்கள் சொல்லும் மூன்று தொந்தரவுகளில் இரண்டு தானாகப் போய்விடும். Multiply-இல் கலர் அழுக்காவதற்குக் காரணமே பிரைமர் அடிக்காத சிவப்புச் சுவர்மேல் பெயிண்ட் அடிப்பதுதான், அங்கே உங்கள் வெள்ளை செங்கல் நிறமாகிவிடும், நீலம் கிட்டத்தட்ட கறுப்பாகும்.

ஆனால் அதற்கும் முன்னால் அளவு. சாய்வாக எடுத்த போட்டோவைப் பார்த்து சுவரின் நீள அகலத்தை ஊகிக்க முடியாது, ஊகித்தால் ஓவியத்தில் இருக்கும் முகம் ஒட்டிப்போகும் அல்லது உப்பிப்போகும். செங்கல்லை எண்ணுங்கள். ஒரு உதாரணம்: ஒரு கஃபேயின் பக்கவாட்டுச் சுவர், இடது ஓரம் நமக்குப் பக்கத்தில், வலது ஓரம் தூரத்தில். நீளவாக்கில் செங்கல் வைத்த ஒரு வரியில் 24 செங்கல், கீழிருந்து மேலே 36 வரிகள். நம்மூர் 9 அங்குலச் செங்கல்லுக்கு சாந்தையும் சேர்த்து 9.5 அங்குலம், 3 அங்குல உயரத்துக்கு சாந்தோடு 3.5 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் சுவர் 19 அடி நீளம், 10.5 அடி உயரம். செங்கல் அளவு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், முடிந்தால் ஒரே ஒரு செங்கல்லை டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். அடிக்கு 200 பிக்சல் என்று 3800 x 2100 அளவில் ஒரு ஃபைல் திறந்து ஓவியத்தை அதில் நேராக, எந்தச் சாய்வும் இல்லாமல் வையுங்கள்.

அதே ஃபைலில் ஓவியத்துக்கு மேலே இன்னொரு லேயரில் 24 x 36 கட்டம் ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் பரிசோதகர். ஓவியத்தையும் கட்டத்தையும் சேர்த்து ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, போட்டோவில் கொண்டுவந்து Edit > Transform > Distort போட்டு, நான்கு மூலைகளையும் எண்ணத் தொடங்கிய, முடித்த செங்கல் மூலைகளில் உட்காரவையுங்கள். இப்போது மூலைகளைப் பார்க்காதீர்கள், நடுவில் பாருங்கள். கட்டத்தின் 12-ஆவது செங்குத்துக் கோடு நிஜமான 12-ஆவது செங்கல்லின் முடிவில் விழுந்தால் பெர்ஸ்பெக்டிவ் சரி. நான்கு மூலையும் பொருந்தி, நடுவில் படுக்கைக் கோடுகள் மட்டும் சாந்து வரியை விட்டு வில் மாதிரி விலகினால் அது போன் கேமராவின் லென்ஸ் வளைவு. அதை எப்படி இழுத்தாலும் நான்கு மூலையில் சரிசெய்ய முடியாது, Distort-ஐ ரத்து செய்துவிட்டு முதலில் போட்டோவுக்கு Filter > Lens Correction போட்டு வரிகளை நேராக்கிவிட்டு வாருங்கள். கோடுகள் நேராகவே இருந்து செங்குத்துக் கோடுகள் மட்டும் நடுவில் தள்ளிப்போனால் ஒன்று எண்ணிக்கை தப்பு, அல்லது நீங்கள் Distort-க்குப் பதில் Warp-ஐத் தொட்டிருக்கிறீர்கள். Warp தூரத்துக்கு ஏற்பச் சரியான விகிதத்தில் சுருக்காது, வெறுமனே வளைக்கும். Vanishing Point ஃபில்டரிலும் இதையெல்லாம் செய்யலாம், சுவர் மூலையில் திரும்பி அடுத்த பக்கமும் ஓவியம் போகிறதென்றால் அதுதான் வசதி, ஆனால் ஒரே தளமான சுவருக்கு எனக்கு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் பிடிக்கும், ஏனென்றால் வாடிக்கையாளர் "அந்தக் கிளியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்க" என்றால் உள்ளே போய்த் தள்ளிவிட்டு சேவ் செய்தால் போதும்.

கட்டம் பொருந்தியதும் அதை மறைத்துவிட்டு வெள்ளையடிக்கும் வேலைக்கு வாருங்கள். ஓவியத்தையும் தற்காலிகமாக மறைத்து, ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்குள் முழுவதும் வெள்ளை நிரப்பிய ஒரு லேயர் வையுங்கள். வெளியே அதன் மோட் Normal. சுவர் இப்போது தட்டையான வெள்ளைப் பலகையாக இருக்கும். இனி அசல் போட்டோவிலிருந்து நிழலை மட்டும் எடுத்து அதன்மேல் போடவேண்டும், இங்கேதான் சேனல் கைகொடுக்கும். Channels பேனலில் Red, Green, Blue மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவப்புச் செங்கல் Red சேனலில் வெளுப்பாக, சாம்பல் சாந்துக்கு ஏறக்குறைய சமமான வெளிச்சத்தில் தெரியும், Blue சேனலில் செங்கல் கரேலென்று இருக்கும், சாந்து மட்டும் பளிச்சென்று நிற்கும். அதாவது நிற வேறுபாடு Blue-வில் அதிகம், Red-இல் குறைவு. நமக்கு நிறம் வேண்டாம், நிழல் மட்டும் போதும், ஆகவே Red.

Red சேனலைத் தேர்ந்து முழுவதும் காப்பி செய்து, RGB-க்குத் திரும்பி, ஓவிய லேயருக்கு மேலே புது லேயராகப் பேஸ்ட் செய்யுங்கள். Alt அழுத்தி இரண்டு லேயருக்கும் நடுவில் கிளிக் செய்தால் அது ஓவியத்தோடு மட்டும் கட்டுப்படும். மோட் Multiply. இப்படியே விட்டால் எல்லாம் மங்கலாக இருக்கும், ஏனென்றால் வெயில்படும் செங்கல் முகமே Red-இல் 170 போலத்தான் இருக்கும். அந்த லேயருக்கு Levels போட்டு வெள்ளை முனையை 180 பக்கம் இழுங்கள். வெயில் படும் முகங்கள் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும், இடுக்கில் விழுந்த நிழலும், சுவரில் விழுந்த மரக்கிளை நிழலும், குழாய் நிழலும் அப்படியே நிற்கும்.

இப்போது பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று: இது சுண்ணாம்பு அடித்த செங்கல் சுவர் மாதிரி தெரிகிறதா? ஆம் என்றால் முக்கால் வேலை முடிந்தது. சாந்துக் கோடுகள் செங்கல்லைவிடப் பளிச்சென்று தெரிந்தால் நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளைச் சாந்து வைத்துப் பாயிண்டிங் செய்த சுவரில் Red-இலும் இது முழுதாகப் போகாது, அங்கே Levels-இன் வெள்ளை முனையை இன்னும் கீழே இழுத்து செங்கல், சாந்து இரண்டையும் வெள்ளையில் முட்டவிடுங்கள், கொஞ்சம் நுணுக்கம் போனாலும் பரவாயில்லை. சரி, இப்போது வெள்ளையை அணைத்துவிட்டு ஓவியத்தைத் திறங்கள். நிறங்கள் அழுக்காகாமல், ஆனால் சுவரின் வெளிச்சத்துக்குள் இருக்கும். ஓவியத்தின் வெள்ளை 255-ஆக இருந்தால் வெயில்படும் இடத்தில் அது விளக்கு போட்ட மாதிரி ஒளிரும், ஓவியத்துக்குத் தனியாக ஒரு Levels போட்டு அதன் Output-ஐ 30 முதல் 235 வரை சுருக்கிவிடுங்கள். போட்டோவில் வேறு எங்காவது வெள்ளைப் பொருள் இருந்தால், ஒரு போர்டோ காரோ, அதைவிட ஓவியத்தின் வெள்ளை பிரகாசமாக இருக்கக்கூடாது.

அப்புறம் Displace. நெளிவதற்குக் காரணம் அளவு. Displace-இல் 100 என்று கொடுத்தால் அதிகபட்சம் 128 பிக்சல் நகரும், அதனால் பல இடங்களில் சொல்லப்படும் 10 கூட கிட்டத்தட்ட 13 பிக்சல். ஆனால் செங்கல் இடுக்கு நிஜத்தில் எவ்வளவு ஆழம்? அரை சென்டிமீட்டர் இருக்கலாம். உங்கள் போட்டோவில் ஒரு சென்டிமீட்டருக்கு 4 பிக்சல் வருகிறது, பார்வை 45 டிகிரி சாய்வு என்றால் கோடு நகர வேண்டியது ஒன்றரை பிக்சல்கூட இல்லை. நேருக்கு நேர் எடுத்த போட்டோவென்றால் நடுவில் நகரவே கூடாது, அங்கே Displace தேவையே இல்லை. சாய்வில் மட்டும், அதுவும் பக்கவாட்டில் மட்டும், 2 கொடுங்கள், Vertical 0.

மேப்புக்கு Blue சேனல் நல்லது, Red-ஐ எந்தக் காரணத்துக்காக நிழலுக்கு எடுத்தோமோ அதற்கு நேர்மாறான காரணம்: சாந்தைச் செங்கல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது அதுதான். அதைத் தலைகீழாக்கினால் சாந்து இருட்டாகும், அதாவது பள்ளம். செங்கல் முகம் 128 சாம்பலுக்குப் பக்கத்தில் வரும்படி Levels போட்டு, ஒரு பிக்சல் அளவு ப்ளர் செய்து, போட்டோவின் அதே அளவில் PSD-ஆகச் சேமியுங்கள். 128-இல் எதுவும் நகராது, ஆகவே செங்கல்மேல் ஓவியம் அசையாமல் இருந்து இடுக்கில் மட்டும் ஒடியும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் ஒரு காப்பியை ராஸ்டரைஸ் செய்து அதில் ஃபில்டரைப் போடுங்கள், அசலை மறைத்து வைத்துக்கொள்ளுங்கள், நிழல் லேயரையும் இந்தக் காப்பியோடு கட்டுங்கள். திசையையும் சரிபாருங்கள்: பள்ளத்துக்குள் இருக்கும் கோடு சுவரின் நமக்குப் பக்கத்து ஓரத்தை நோக்கி விலகவேண்டும், இந்தக் கஃபே சுவரில் இடப்பக்கம். எதிர்த்திசையில் போனால் -2.

கடைசியாக, எதனால் அடித்த பெயிண்ட் என்பதை முடிவு செய்யுங்கள், பலர் இதை யோசிப்பதே இல்லை. ரோலரில் அடித்தால் ஆழமான இடுக்குக்குள் பெயிண்ட் போகாது, அங்கே பழைய சாந்து தெரியும். ஸ்ப்ரே கேனில் நேராக அடித்தால் உள்ளேயும் போகும், ஆனால் ஓரம் கத்திமுனை மாதிரி இருக்காது, சுற்றிலும் தூசி போலப் படியும். ரோலர் மியூரலுக்கு ஓவிய லேயரின் Blending Options-இல் Blend If பகுதியில் Underlying Layer-இன் கறுப்பு முனையை Alt அழுத்திப் பிரித்து, ஒரு பாதியை 40 பக்கம் வரை நகர்த்தினால் இருட்டான இடுக்குகளில் பெயிண்ட் விட்டுப்போகும். ஸ்ப்ரே கிராஃபிட்டிக்கு இதைச் செய்யாதீர்கள். அதற்கு ஓவியத்தின் வெளி ஓரத்தை மட்டும் மென்மையாக்குவது போதும்.

கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வரிசைதான், Perspective டூல், Filters > Map > Displace இருக்கிறது, அங்கே அளவை நேரடியாகப் பிக்சலில் கொடுக்கலாம்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நிழல் லேயருக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் ஓவியத்தின்மேல் வரும். ராத்திரியில் ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்த சுவரில் இடுக்குகளில் நிழலே இருக்காது, மேலே சொன்ன எதுவும் அங்கே எடுபடாது. அப்படிப்பட்ட போட்டோவோடு மல்லுக்கட்டாமல், காலையிலோ மாலையிலோ வெயில் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் விழும் நேரத்தில் இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.