சிப்பைக் கழற்றினால் படங்கள் வந்துவிடுமா?

கேள்வி: 2021-இல் வாங்கிய ஆண்ட்ராய்டு ஃபோன். சில வாரங்களாக அடிக்கடி உறைந்து நின்றது, பிறகு லோகோவோடு நின்றது, இப்போது ஆன் ஆவதே இல்லை. ஸ்டோரேஜ் சிப் போய்விட்டது என்கிறார்கள். சிப்பைக் கழற்றிப் படித்தால் படங்கள் எல்லாம் நிச்சயம் வந்துவிடும் என்கிறது ஒரு லேப். பூட்டு எண் எனக்குத் தெரியும். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: "நிச்சயம்" என்று சொன்ன இடத்தில் மட்டும் கொடுக்காதீர்கள். வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் வழி அதுவல்ல.

நீங்கள் வாங்கிய காலத்து ஃபோன்களில் உங்கள் படங்களும் கோப்புகளும் மறையாக்கம் செய்துதான் சிப்பில் எழுதப்படுகின்றன. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலிருந்து புதிய ஃபோன்களுக்கு இது கட்டாயம். அதைத் திறக்கும் சாவியில் ஒரு பாதி உங்கள் பூட்டு எண். மறுபாதி பிராசசருக்குள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட ரகசியம். அதை யாரும் வெளியே எடுக்க முடியாது. ஆகவே சிப்பை மட்டும் தனியே கழற்றிக் கணினியில் படித்தால், ஒரு பிழையும் இல்லாமல் படித்தாலும், கையில் கிடைப்பது அர்த்தமில்லாத எண்குவியல். உங்கள் பூட்டு எண்ணை அங்கே தட்ட இடமே இல்லை. ஐஃபோனிலும் இதே கதைதான்.

இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. ஒருவர் என்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். வேறொரு லேபில் பணம் கட்டி வாங்கியது. உள்ளே 128 ஜிபிக்கு ஒரே ஒரு கோப்பு. "டேட்டா எடுத்தாச்சு, லாக் ஆகியிருக்கு, திறக்கிறது உங்க பாடு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஃபோன் போர்டு எங்கே என்று கேட்டேன். "அது குப்பைன்னு சொன்னாங்க" என்றார். மறுபாதிச் சாவி அந்தக் குப்பையில்தான் போயிற்று. சிப்பைப் படிப்பது வேறு, படத்தைத் திறப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதற்குப் பணம் வாங்குகிறார்கள்.

சரி, ஒழுங்கான லேப் என்ன செய்யும்? எடுத்த எடுப்பில் சிப்பைத் தொடாது. போர்டுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கும். அப்புறம் கணினியில் செருகும். உங்களுடையது குவால்காம் பிராசசர் என்றால், திரை இருட்டாக இருந்தாலும் கணினியில் `Qualcomm HS-USB QDLoader 9008` என்று ஒரு சாதனம் தெரியலாம். அதற்குப் பொருள்: பிராசசருக்கு உயிர் இருக்கிறது, சிப்பிலிருந்து தொடக்க நிரலைத்தான் அதனால் எடுக்க முடியவில்லை. உங்களைப் பொறுத்தவரை நல்ல செய்தி. மறுபாதிச் சாவி பிழைத்திருக்கிறது. சிப் செத்துவிட்டது என்று இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதவும் முடியாது. சிப்பைப் போர்டோடு இணைக்கும் பற்றாசுப் பொட்டுகளில் ஒன்று விட்டிருந்தாலும் இப்படியேதான் காட்டும்.

அதன் பிறகே கழற்றும் வேலை. போர்டைக் கீழிருந்து சூடேற்றி, சிப்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் கறுப்புப் பசையைச் சுரண்டி, மேலிருந்து சூடான காற்றை அடிப்பார்கள். பற்றாசு உருகவே 217 டிகிரி வேண்டும். அதற்காக அடிக்கும் காற்றின் சூடு 300 டிகிரிக்கு மேல் போகும். படங்களோ சிப்புக்குள் மின்னூட்டமாகத்தான் தேங்கி நிற்கின்றன. ஏற்கெனவே தேய்ந்த சிப்பில் அந்தச் சூடு மின்னூட்டத்தைக் கசியவிடும், படிக்கும்போது பிழைகள் கூடும். எனவே முதல் கை நல்ல கையாக இருக்க வேண்டும். மூன்று இடத்தில் சூடுபட்டு நான்காவதாக வரும் சிப்பிடம் பெரிதாக எதிர்பார்ப்பதற்கில்லை.

கழற்றிய சிப்பைச் சாக்கெட்டில் வைத்தால் மூன்றில் ஒன்று நடக்கும். முதலாவது, சிப் முழுதாகப் படிக்கிறது. அப்படியென்றால் கோளாறு சிப்பில் இல்லை, பெரும்பாலும் பற்றாசுப் பொட்டில். கீழே விழுந்த ஃபோன் ஒன்று இப்படி வந்தது. கேமரா பக்கத்தை அழுத்திப் பிடித்தால் லோகோ வரும், விட்டால் போய்விடும். சிப் முதலிலிருந்து கடைசிவரை பிழையின்றிப் படித்தது. புதுப் பொட்டுகள் வைத்து அதே போர்டில் திரும்ப ஒட்டினோம், உரிமையாளர் எண்ணைத் தட்டினார், திறந்தது. இருக்கிற வாய்ப்புகளிலேயே நல்லது இதுதான்.

இரண்டாவது, சிப் தட்டுத் தடுமாறிப் படிக்கிறது. அடிக்கடி உறைந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இந்த வகையாக இருக்கலாம். கிடைத்ததையெல்லாம் புதுச் சிப்பில் எழுதி அதே போர்டில் ஒட்டிப் பார்ப்பார்கள். இதிலும் ஒரு முட்டுக்கட்டை. சிப்புக்குள் ஆர்பிஎம்பி என்ற சின்னப் பகுதி உண்டு; அது அந்த ஒரு பிராசசரோடு மட்டும் ரகசியம் பேசும், நகலெடுக்க முடியாது. பூட்டு சம்பந்தப்பட்ட விவரத்தை அங்கே வைத்திருக்கும் மாடல் என்றால், புதுச் சிப்போடு ஃபோன் ஆன் ஆகலாம், படங்கள் திறக்காது. எந்த மாடல் எங்கே வைக்கிறது என்று தயாரிப்பாளர்கள் வெளியே சொல்வதில்லை. ஒவ்வொரு லேபும் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. சர்வீஸ் சென்டரோ, "டேட்டாவுக்குப் பொறுப்பில்லை" என்ற தாளில் கையெழுத்து வாங்கி, போர்டையே மாற்றிக் கொடுத்துவிட்டுப் பழையதை வைத்துக்கொள்கிறது. ரகசியம் காக்கிறார்கள், சரி. ஃபோனின் சொந்தக்காரரிடமிருந்தா காக்க வேண்டும்?

மூன்றாவது, சிப் பதிலே சொல்வதில்லை. உங்கள் காலத்து ஃபோனில் அத்தோடு கிட்டத்தட்ட முடிந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டு அலமாரியில் பழைய ஃபோன் கிடந்தால் இதைக் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு 5 அல்லது அதற்கு முந்தையதோடு வந்த ஃபோன்களில் பெரும்பாலானவற்றில் மறையாக்கம் தானாக இயங்கவில்லை. பின்னால் 6-க்கு மேம்படுத்தியிருந்தாலும் பழைய நிலையே தொடர்ந்திருக்கும். செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் ஃபோனை மறையாக்கம் செய்யச் சொல்லும் வரி ஒன்று இருக்கும். அதை நீங்களாகப் போய்த் தொட்டிருந்தால்தான் மறையாக்கம். தொடவில்லை என்றால் அந்தச் சிப்பை மட்டும் கழற்றிப் படித்தாலே படங்கள் படங்களாகவே வரும். போர்டும் வேண்டாம், பிராசசரும் வேண்டாம். நீரில் மூழ்கிப் போர்டு அரித்துப்போன பழைய ஃபோன்களிலிருந்து இப்படி முழுசாக எடுத்திருக்கிறோம். சிப்-ஆஃப் என்ற இந்தக் கழற்றிப் படிக்கும் முறை சம்பாதித்த பெயரெல்லாம் அந்தக் காலத்தில் சம்பாதித்தது. அந்தப் பெயரைக் காட்டித்தான் இப்போது உங்களிடம் பணம் கேட்கிறார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. "சாஃப்ட்வேர் போட்டுப் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். ரீசெட் ஆனால் சாவியே அழிந்துவிடும், அப்புறம் எந்த லேபும் இல்லை. வாங்கி வேறு ஊருக்கு அனுப்பும் கவுன்டர்களைத் தவிருங்கள். வேலை செய்யும் ஆளிடமே பேசுங்கள். அவரிடம் ஒரே கேள்வி: "சிப்பைப் படித்த பிறகு எதை வைத்துத் திறப்பீர்கள்?" இதே போர்டில் திரும்ப ஒட்டித்தான் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். பழைய சிப்பும் போர்டும் திரும்ப வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். படங்கள் கண்ணெதிரே திறந்து தெரிந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.