அப்பா, அம்மா இருவருக்கும் பிபி: பிள்ளைகள் எந்த வயதில் பார்க்கத் தொடங்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 24 வயது. அப்பாவுக்கு 41 வயதிலும் அம்மாவுக்கு 50 வயதிலும் பிபி என்று தெரிந்தது. போன மாதம் ரத்த தான முகாமில் எனக்கு 138/86 இருந்தது. 'நார்மல்தான்' என்று ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லை. 30 வயதுக்கு மேல் பார்த்தால் போதும் என்கிறார்கள். 19 வயதில் தங்கையும் இருக்கிறாள். நாங்கள் எப்போதிலிருந்து பார்க்க வேண்டும்?

பதில்: 18 வயது முடிந்ததிலிருந்து, ஆண்டுக்கு ஒரு முறை. உங்களுக்கு ஆறு ஆண்டுகள் ஏற்கெனவே போய்விட்டன. அதனால் இந்த மாதமே தொடங்குங்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட 30 வயது, தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் வருவது. நாடு முழுவதும் உள்ளவர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்றால் எங்காவது கோடு போட்டாக வேண்டும், அங்கே போட்டிருக்கிறார்கள். அதற்கு முன் யாருக்கும் பிபி வராது என்பது அதன் பொருள் அல்ல. பெற்றோருக்கு பிபி இல்லாத, உடல் எடை சரியாக உள்ள, அளவும் நன்றாக இருக்கும் இளைஞர் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். உங்கள் வீட்டு நிலைமை வேறு.

எப்படி வேறு என்றால், 'பரம்பரையில் பிபி உண்டா' என்பதைவிட 'எந்த வயதில் வந்தது' என்பதுதான் முக்கியமான கேள்வி. 70 வயதில் வரும் பிபிக்குப் பெரும்பாலும் வயதாகி விறைத்துப்போன ரத்தக் குழாய்களே காரணம். அது யாருக்கும் வரலாம். 55 வயதுக்கு முன்பே வந்திருந்தால் அதில் பரம்பரையின் பங்கு அதிகம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த ஆண் மாணவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2008-ல் வெளியானது. பெற்றோர் இருவருக்குமே 55 வயதுக்குள் பிபி வந்திருந்தால், 35 வயதில் பிள்ளைக்கு பிபி வரும் வாய்ப்பு, பெற்றோருக்கு பிபி இல்லாதவர்களைவிட சுமார் 20 மடங்கு இருந்தது. இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அந்த வயதில் பிபி வருவதே அரிது என்பதால், சின்ன எண்ணின் 20 மடங்கு அது. ஆனால் நீங்கள் இருப்பது அந்தப் பிரிவில்தான்.

தலைவலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 150/95 வைத்துக்கொண்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. பட்டை கட்டி அளந்தால்தான் தெரியும்.

இனி அந்த 138/86. மருத்துவமனையில் 140/90 அல்லது அதற்கு மேல், வேறு வேறு நாட்களில் இருந்தால்தான் உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். அந்தக் கணக்கில் உங்களுடையது உள்ளேதான் இருக்கிறது. ஆனால் முகாம் அளவை எந்தப் பக்கமும் நம்ப முடியாது. படபடப்பு, பேசிக்கொண்டே அளப்பது, நிறைந்த சிறுநீர்ப்பை, மடிமேல் வைத்த அல்லது தொங்கவிட்ட கை எல்லாம் அளவை ஏற்றிக் காட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினாலும் ஏறும். ஒல்லியான கைக்குப் பெரிய பட்டை கட்டினால் குறையும். இன்னொன்றும் உண்டு: சிலருக்கு மருத்துவரிடம் சரியாக இருக்கும் அளவு வீட்டிலும் வேலையிடத்திலும் கூடிவிடும். மறைந்திருக்கும் பிபி இது. உங்களைப் போல எல்லைக்கு அருகே இருப்பவர்களிடம்தான் அதை அதிகம் தேட வேண்டும். எனவே அடுத்த வேலை, வீட்டில் ஒரு வாரம் அளப்பது.

மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவி வேண்டும். மணிக்கட்டில் கட்டுவதும் கைக்கடிகாரமும் இதற்கு உதவாது. வாங்கும் முன் அந்த மாடல் சோதித்துச் சரிபார்க்கப்பட்டதா என்று stridebp.org தளத்தில் பாருங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தையல் டேப்பால் கையின் சுற்றளவை அளந்து, பட்டையில் அச்சிட்ட சென்டிமீட்டருக்குள் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரண்டு கைகளிலும் அளந்து, எந்தக் கையில் கூடுதலோ அதையே பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் சாப்பாட்டுக்கும் முன். இரவில் படுக்கப் போகும் முன். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல், பேசாமலும் போனைப் பார்க்காமலும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கையை மேசைமேல் வைத்தால் பட்டை நெஞ்சின் நடு மட்டத்துக்கு வர வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். நல்லதாக வரும்வரை திரும்பத் திரும்ப அளந்து, பிடித்த எண்ணை மட்டும் குறிக்காதீர்கள். பலரிடம் நடக்கும் தவறு இதுதான்.

ஏழு நாள் முடிந்ததும் முதல் நாள் அளவுகளை விட்டுவிடுங்கள். மீதி ஆறு நாளுக்கு, நாளுக்கு நான்கு வீதம் 24 அளவுகள் இருக்கும். அவற்றின் சராசரிதான் உங்கள் பிபி அளவு. காலைச் சராசரி 131/84, இரவுச் சராசரி 125/80 என்று வந்தால் மொத்தம் 128/82. வீட்டு அளவுக்கு எல்லை 135/85. அதற்குள் இருப்பதால் இது பிபி அல்ல. ஆனால் முகாமில் 138 காட்டியவர், ஆறு மாதம் கழித்து இதே ஒரு வாரக் கணக்கை மறுபடி எடுங்கள், பிறகு ஆண்டுதோறும். மருத்துவரிடம் போகும்போது கருவியையும் எடுத்துப்போய் அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சராசரி 136/82 என்றால்? இரண்டில் ஒன்று எல்லையைத் தொட்டாலே போதும், தாளோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

24 வயதில் பிபி உறுதியானால், 'அப்பாவிடமிருந்து வந்தது' என்று அதோடு விட்டுவிடக் கூடாது. இளம் வயதில் வேறு காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மருத்துவர் தொடை இடுக்கில் நாடித் துடிப்பையும் தொட்டுப் பார்ப்பார்; அது வலுவில்லாமல் இருந்தால் பெருந்தமனி ஏதோ ஓரிடத்தில் குறுகியிருக்கலாம். தொடர்ந்து சாப்பிடும் வலி மாத்திரை, மூக்கடைப்பு மருந்து, இருமலுக்கு நாள்கணக்கில் மெல்லும் அதிமதுரம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அதிமதுரம் பொட்டாசியத்தைக் குறைத்து பிபியை ஏற்றும். நாட்டு மருந்துதானே என்று பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அதற்கு முன் வீட்டில் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு 41 வயதில் பிபி வந்தபோது சிறுநீரகத்தை ஸ்கேன் செய்தார்களா? அப்பா வழியில் யாராவது டயாலிசிஸ் செய்துகொண்டார்களா, மூளையில் ரத்தக் கசிவால் திடீரென இறந்தார்களா? சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் பல வீடுகளில் முதலில் பிபியாகத்தான் தலைகாட்டும். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தச் சந்தேகம் இருந்தால் பிபி அளப்பதோடு நிற்காமல், ஸ்கேன் பற்றியும் பேச வேண்டும்.

தங்கைக்கும் இதே முறைதான், இப்போதிலிருந்தே. அவளுக்கு மட்டும் ஒன்று கூடுதல்: மாதவிடாய் ஒழுங்கின்மை, பிசிஓடி என்று ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தால், முதல் மாத்திரைக்கு முன்பே பிபியை அளந்து, பெற்றோர் இருவருக்கும் பிபி உண்டு என்பதையும் மருத்துவரிடம் சொல்லட்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் சிலருக்கு பிபியைக் கூட்டும். ஏற்கெனவே 140/90 இருந்தால் பொதுவாக அவற்றைத் தவிர்த்து வேறு மருந்து தருவார்கள். மாத்திரை தொடங்கிய மூன்றாவது மாதம் மறுபடி ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள்.