இருட்டில் எடுத்த வீடியோ ஏன் சுருங்க மறுக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் தெருக்கூத்தைப் போனில் 4 மணி நேரம் பதிவு செய்தேன். 1080p தான், ஆனாலும் 30 ஜிபிக்கு மேல் வந்துவிட்டது. ஒரு ஆப்பில் போட்டுச் சுருக்கினால், நல்ல தரத்தில் 25 ஜிபிக்குக் கீழே இறங்கவில்லை. தரத்தைக் குறைத்தால் வேஷக்காரர்களின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. அந்த ஆப்பின் கட்டணப் பதிப்பை வாங்கலாமா, இல்லை 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கிவிடலாமா?
– வாசகர், செய்யாறு

பதில்: கட்டணப் பதிப்பு வேண்டாம். ஹார்டு டிஸ்க் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். வீடியோவை நிறுத்தாமல், கூத்துக்காரருக்குப் பின்னால் இருக்கும் இருட்டை மட்டும் பத்து வினாடி உற்றுப் பாருங்கள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அந்தக் கறுப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதித்துக்கொண்டிருக்கும். உங்கள் 30 ஜிபியில் பெரும்பங்கு அந்தக் கொதிப்புக்குத்தான் போகிறது.

வீடியோவைச் சுருக்கும் என்கோடர், ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதி வைப்பதில்லை. முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் எழுதுகிறது. பகலில் எடுத்தால் பின்னாலிருக்கும் சுவர் அப்படியே இருக்கும், ‘அதே சுவர்’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும். இருட்டில் வெளிச்சம் போதாததால் போன் சென்சாரின் சிக்னலைப் பல மடங்கு பெருக்குகிறது. கூடவே புள்ளிகளும் பெருகுகின்றன. இந்தப் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும். என்கோடருக்கு அது அழுக்கு என்று தெரியாது. வினாடிக்கு 30 தடவை சுவர் மாறிவிட்டதாக நினைத்து, அத்தனையையும் உண்மையாக எழுதி வைக்கிறது. தரத்தைக் குறைக்கச் சொன்னால், எது முகம் எது புள்ளி என்று பிரிக்கத் தெரியாமல் இரண்டையும் சேர்த்தே வெட்டுகிறது. முகம் கட்டம் கட்டமாக உடைவது அதனால்தான்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் புள்ளியைக் குறைக்க வேண்டும், அப்புறம் சுருக்க வேண்டும். இதற்கு டீநாய்ஸ் என்று பெயர். நீங்கள் பயன்படுத்திய ஆப்பைப் போலப் பல சுருக்கும் ஆப்களில் இந்த வசதியே கிடையாது. கட்டணம் கட்டினால் விளம்பரம் போகும், வேகம் கூடும், புள்ளி அப்படியே இருக்கும்.

ஒரு கணினியோ லேப்டாப்போ இருந்தால் செலவே இல்லாமல் செய்யலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. handbrake.fr என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வீடியோவைத் திறந்ததும் நான்கு மணி நேரத்தையும் ஓட விடாதீர்கள். Range என்ற இடத்தில் Seconds தேர்ந்து, ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுங்கள். கட்டைவேஷக்காரர் வேகமாகச் சுழன்று ஆடும் நிமிடமாக அது இருக்கட்டும், ஏன் என்று பிறகு தெரியும். Video பக்கத்தில் H.265 10-bit (x265) என்பதையும், Constant Quality-யில் RF 22 என்பதையும் வையுங்கள். Framerate இடத்தில் Same as source போதும். Filters பக்கத்தில் Denoise என்பதில் HQDN3D என்று தேர்ந்து, அதன் அளவை Medium என்று வைத்து ஓட்டுங்கள். பிறகு Denoise-ஐ Off செய்து அதே நிமிடத்தை இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஒரு நிமிடத் துண்டில் இதைத்தான் செய்தேன். போன் எழுதியது 127 எம்பி. டீநாய்ஸ் இல்லாமல் சுருக்கியபோது 71 எம்பி. Medium வைத்தபோது 39 எம்பி. அதே போக்கில் போனால் 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம், டீநாய்ஸ் இல்லாமல் சுமார் 17 ஜிபி ஆகும், டீநாய்ஸோடு 9.4 ஜிபி ஆகும். இது உங்கள் துண்டின் கணக்கு. பகல் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் நீக்குவதற்குப் புள்ளியே அதிகம் இருக்காது, அதனால் இந்த வித்தியாசமும் வராது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. Constant Quality-க்குக் கீழே Avg Bitrate என்று இன்னொரு தேர்வு இருக்கும். அதை வைத்தால் ஃபைல் அளவு முன்பே முடிவாகிவிடுகிறது. வினாடிக்கு இத்தனை கிலோபிட் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள், புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுவும் அத்தனையைத்தான் எழுதும். டீநாய்ஸ் செய்தும் ஃபைல் ஒரு எம்பி கூடக் குறையவில்லை என்று சொல்பவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் காரணம் இதுதான். Constant Quality-யில் தரத்தைத்தான் பிடித்து வைக்கிறோம், அளவு தானாக இறங்குகிறது.

சரி, Medium இவ்வளவு குறைத்தால் Strong இன்னும் குறைக்காதா? குறைத்தது. 26 எம்பி வந்தது. ஆனால் அந்த ஃபைலை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். HQDN3D அக்கம்பக்கப் புள்ளிகளைப் பார்ப்பதோடு, முந்தைய படங்களையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. நான்கு படங்களைச் சராசரி எடுத்தால் தற்செயலாக விழும் புள்ளியின் வலு பாதியாகிவிடும், அதுதான் இதன் பலம். அசையாத பின்னணியில் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் சுழலும் கை ஒரு படத்தில் ஓரிடத்தில் இருக்கிறது, அடுத்த படத்தில் வேறிடத்தில் இருக்கிறது. அதையும் சராசரி எடுத்தால் கைக்குப் பின்னால் ஒரு நிழல் வால் தொங்கும். Strong-இல் கட்டைவேஷக்காரர் சுழலும்போது கிரீடத்துக்குப் பின்னால் அந்த வால் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடித் துண்டுகளின் மினுக்கமும் மங்கிவிட்டது. வேகமான நிமிடத்தில் சோதிக்கச் சொன்னது இதற்குத்தான். சும்மா நின்று வசனம் பேசும் இடத்தில் சோதித்தால் எல்லா அளவும் நன்றாகவே தெரியும்.

ஓடும்போது மட்டும் பார்த்தால் கண்டுபிடிப்பது கடினம். சுழலும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். வால் தெரிந்தால் அளவை ஒரு படி இறக்குங்கள். முகம் மெழுகு பூசினாற்போல் ஆகியிருக்கிறதா, அரிதாரத்தின் கோடுகள் கரைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். போன் பதிவு செய்யும்போதே தானும் ஒரு தடவை புள்ளியைத் துடைத்துவிட்டுத்தான் எழுதுகிறது. அதன் மேல் நாம் செய்வது இரண்டாவது துடைப்பு, கை மிதமாகவே இருக்க வேண்டும். கொஞ்சம் புள்ளி மிஞ்சினால் பரவாயில்லை. அதே பட்டியலில் NLMeans என்று இன்னொன்றும் உண்டு. நுணுக்கத்தை இன்னும் நன்றாகக் காப்பாற்றும், ஆனால் மிக மெதுவாக ஓடும். 4 மணி நேர வீடியோவுக்கு ஒரு சாதாரண லேப்டாப்பை வைத்து அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். பத்து நிமிடக் குழந்தை நடனம் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

10-bit என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மெல்ல மங்கும் இடங்களில், புள்ளிகள் இருக்கும்வரை அந்த மங்கல் வழவழப்பாகத் தெரியும். புள்ளியை எடுத்ததும் அங்கே படிப்படியாக வளையங்கள் தெரிய ஆரம்பிக்கும். உங்கள் வீடியோவில் டியூப் லைட்டைச் சுற்றிய இடத்தில் பாருங்கள். 10-bit-இல் படிகள் நுணுக்கமாக இருப்பதால் வளையம் குறைவாகத் தெரியும். ஆனால் சில பழைய டிவிகள் 10-bit H.265 ஃபைலைத் திறக்காது. பெரியவர்கள் டிவியில்தான் பார்ப்பார்கள் என்றால், அந்த ஒரு நிமிட ஃபைலைப் பென் டிரைவில் போட்டு முதலில் டிவியில் ஓட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால் H.264-க்கு மாறி, டீநாய்ஸை Light-க்கு இறக்குங்கள்.

ஒலியைத் தொடாதீர்கள். Audio பக்கத்தில் AAC Passthru என்று வைத்தால் முகவீணையும் மிருதங்கமும் போனில் பதிவானபடியே வரும். வினாடிக்கு 256 கிலோபிட் என்றாலும் 4 மணி நேர ஒலி அரை ஜிபிகூட வராது, அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

கட்டளை எழுதிப் பழகியவராக இருந்தால், இதே வேலைக்கு எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது:

```
ffmpeg -i koothu.mp4 -vf hqdn3d=2:3:5:7 \
 -c:v libx265 -crf 22 -pix_fmt yuv420p10le \
 -c:a copy koothu_small.mp4
```

அந்த நான்கு எண்களில் முதலும் மூன்றாவதும் வெளிச்ச விவரத்துக்கு, இரண்டாவதும் நான்காவதும் நிறத்துக்கு. நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். நிறத்தில் நுணுக்கம் குறைந்தால் கண் அவ்வளவாகக் கண்டுபிடிக்காது, ஆனால் இருட்டில் மிதக்கும் சிவப்பு, பச்சைத் திட்டுகள் போய்விடும். வால் தெரிந்தால் கடைசி இரண்டு எண்களைக் குறையுங்கள்.

இப்போது ஹார்டு டிஸ்க். இடம் போதவில்லை என்பதற்காக மட்டும் என்றால் இப்போதைக்குத் தேவையில்லை. ஆனால் டீநாய்ஸ் செய்த ஃபைலிலிருந்து பழையதைத் திரும்ப எடுக்க முடியாது. வயதான வாத்தியார் ஆடிய பகுதி போல, இனி கிடைக்காத பகுதிகள் அதில் இருக்குமானால் அவற்றின் மூலத்தை அழிக்க வேண்டாம். அதை வைக்க டிஸ்க் வாங்கினால் அது நியாயமான செலவு. மற்றதைக் கூட, புதிய ஃபைலை முதல், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் திறந்து, ஒலியும் உதட்டசைவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அழியுங்கள். பதிவான தேதி புதிய ஃபைலில் மாறிவிடலாம், அதனால் பெயரிலேயே தேதியை எழுதிவிடுங்கள்.

அடுத்த கூத்துக்குப் போகும்போது போனில் 60 fps வைக்காதீர்கள், 30 போதும். 60-இல் ஒரு படத்துக்கு அதிகபட்சம் 1/60 வினாடி வெளிச்சம்தான் கிடைக்கும், 30-இல் அதைப் போல இரு மடங்கு கிடைக்கலாம். ஜூம் செய்யாமல் 1x லென்ஸிலேயே எடுங்கள், கிட்டே போய் உட்காருங்கள். ஒரு சின்ன ஸ்டாண்டில் போனை நிறுத்திவிட்டால் பின்னணி அசையாமல் இருக்கும், டீநாய்ஸுக்கும் வேலை சுலபமாகும்.