பவுசர் நின்றது ஐந்து மாதம், போனஸ் நின்றது பன்னிரண்டு பேருக்கு

கேள்வி: மட்டக்களப்பில் தனியார் பால் கம்பனியொன்றின் சேகரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் கம்பனியில் ஆளாளுக்குப் புள்ளி போடுவதில்லை. பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துப் பிரிவுக்கு ஒரே புள்ளிதான். சென்ற ஆண்டு நாளொன்றுக்குச் சராசரி 4,000 லீற்றர் சேர்க்க வேண்டும், திருப்பப்படும் பால் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இலக்கு. சேர்த்தது 3,300, திரும்பியது 3.5 சதவீதம். இரண்டு பவுசர்களில் ஒன்று ஐந்து மாதம் ஓடவில்லை. கொக்கட்டிச்சோலைக் குளிரூட்டித் தாங்கி மூன்று மாதம் பழுது. "இலக்கை எட்டவில்லை" என்று எல்லோருடைய போனஸையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு மட்டும் விளக்கம் கோரிக் கடிதம் வந்திருக்கிறது. வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. வழக்குப் போடலாமா, ஐயா? ஆண்டுத் திட்டத்தின் பிரதியையும் மாதாந்தப் பதிவேட்டையும் இணைத்துள்ளேன்.

பதில்: வழக்கைப் பிறகு பார்ப்போம். நீங்கள் அனுப்பிய ஆண்டுத் திட்டம்தான் இப்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். அதில் இலக்குகள் ஒரு பக்கமும், அவற்றுக்காகத் தரப்படும் பவுசர் இரண்டு, தாங்கி இரண்டு, ஆட்கள் பன்னிரண்டு என்ற விபரம் மறுபக்கமும் இருக்கின்றன. "பிரிவின் பெறுபேறு, வழங்கப்பட்ட வளங்களோடு ஒப்பிட்டு மதிப்பிடப்படும்" என்று அடியில் ஒரு வரியும் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டவர் உங்கள் முகாமையாளர். போனஸ் தருவதும் தராததும் எங்கள் விருப்பம் என்று கம்பனி சொல்லக்கூடும். ஆனால் எப்படி அளப்போம் என்று தானே எழுதிக் கொடுத்த பிறகு, அந்த அளவுகோலில் பாதியை முறித்து எறிந்துவிட்டு மீதியால் அளக்க முடியாது என்பதே நம் வாதம்.

இந்த இடத்தில் நிறையப் பேர் அவசரப்பட்டு ஒரு கணக்கைப் போடுவார்கள். இரண்டு பவுசர் பன்னிரண்டு மாதம் ஓடினால் 24 பவுசர் மாதங்கள், கிடைத்தது 19. ஆகவே 4,000 லீற்றர் இலக்கு ஏறத்தாழ 3,170 ஆகக் குறைகிறது, நாங்கள் 3,300 சேர்த்தோம், இலக்கைத் தாண்டிவிட்டோம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் குறுக்கு விசாரணையில் நிற்காது. இருந்த பவுசரை ஏன் இரண்டு தடவை அனுப்பவில்லை என்று ஒரே கேள்வி கேட்டால் போதும், அந்தக் கணக்குக் கலைந்துவிடும்.

அதனால் பதிவேட்டை மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு பவுசரும் ஓடிய ஏழு மாதங்களில் உங்கள் சராசரி 3,900 லீற்றர். ஒன்று மட்டும் ஓடிய ஐந்து மாதங்களில் 2,460. தாங்கி வேலை செய்த ஒன்பது மாதங்களில் திரும்பிய பால் சரியாக 2 சதவீதம். தாங்கி பழுதான மூன்று மாதங்களில் 8. இதுதான் பேசும் கணக்கு. வளம் இருந்தபோது பிரிவு என்ன செய்தது, இல்லாதபோது என்ன ஆனது என்பதை இது அருகருகே வைத்துக் காட்டுகிறது. படுவான்கரையில் காலையில் கறந்த பால் குளிரூட்டப்படாமல் வெயிலில் சில மணி நேரம் நின்றால், மதுசாரச் சோதனையில் திரிந்துபோவதை எந்த மேற்பார்வையாளராலும் தடுக்க முடியாது.

உங்களுக்குக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லா வளமும் இருந்த மாதங்களில்கூட 100 லீற்றர் குறைகிறது. அது பிரிவின் குறைதான். பதிலில் அதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். பெரும்போகக் காலத்தில் வயல் விதைக்கப்படுவதால் மாடுகளைத் தூரத்து மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோகிறார்கள், பாதை நீள்கிறது என்று காரணம் சொல்லலாம். ஆனால் அது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது, இலக்கை ஏற்கும்போதே தெரிந்தது.

அடுத்து, பவுசர் ஏன் நின்றது? உரிய காலத்தில் சேர்விஸுக்கு அனுப்பாதது உங்கள் பிரிவு என்றால், வளம் இல்லை என்ற வாதம் உங்கள் மீதே திரும்பும். வாகனம் போக்குவரத்துப் பிரிவின் பொறுப்பில் இருந்தது, திருத்தித் தாருங்கள் என்று நீங்கள் எழுத்தில் கேட்டீர்கள் என்றால் நிலைமை வேறு. தொலைபேசியில் பல தடவை சொன்னேன் என்பது பலவீனமான சான்று. வாகனப் பதிவுப் புத்தகம், திருத்துமிடத்தின் ரசீது, நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் அல்லது வட்ஸ்அப் செய்தி, எதுவானாலும் திகதியோடு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.

இனி அந்தக் கடிதம். பிரிவுக்குப் போட்ட புள்ளி பிரிவைப் பற்றியது. அதைத் தூக்கித் தனியொருவர் தலையில் ஒழுக்காற்றுக் குற்றமாக வைக்க முடியாது. நீங்கள் செய்த அல்லது செய்யத் தவறிய காரியம் எது, எந்த நாளில் என்று கடிதம் சொல்கிறதா? நீங்கள் அனுப்பிய பிரதியில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் பதில் போடாமல் இருக்காதீர்கள். குறிப்பிட்ட நாளுக்குள், இரண்டு பக்கத்துக்கு மிகாமல், மேலே சொன்ன மாதவாரிக் கணக்கை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கோபத்தைக் காட்டும் வரி ஒன்றுகூட வேண்டாம்.

போனஸ் விடயத்தைத் தொழில் நியாய சபைக்கு நேராகக் கொண்டுபோக முடியாது. தனி ஊழியர் அங்கே செய்யும் விண்ணப்பம் முக்கியமாக வேலை நீக்கத்துக்கும் பணிக்கொடைக்கும் உரியது. உங்கள் வழி 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்வது. தொழில் நிபந்தனை பற்றிய பிணக்கை அவர்கள் விசாரித்து இணக்கத்துக்கு முயல்வார்கள். இணக்கம் வராவிட்டால் அமைச்சர் அதை நடுத்தீர்ப்புக்கு அனுப்பலாம். பன்னிரண்டு பேரும் ஒரே முறைப்பாட்டில் கையெழுத்திடுங்கள். புள்ளி கூட்டாகப் போடப்பட்டது, முறைப்பாடும் கூட்டாக இருப்பதே பொருத்தம். போனஸுக்காக வழக்கென்று நீதிமன்றத்துக்கு ஓட இப்போது தேவை இல்லை. அப்படிச் சொல்வதால் சட்டத்தரணியான எனக்குத்தான் நட்டம்.

வேலை போகும் பேச்சு உண்மையானால் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். அந்த எண்ணிக்கை உங்கள் பிரிவுக்கல்ல, கம்பனிக்கு. "பிரிவின் பெறுபேறு போதாது" என்பது ஒழுக்காற்றுக் காரணம் அல்ல. அதனால்தான் உங்களுக்கு மட்டும் தனிக் கடிதம் வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்: பிரிவின் குறையை உங்கள் தனிக் குற்றமாக்கிவிட்டால் அனுமதி கேட்கத் தேவையில்லை. "நானாக விலகுகிறேன்" என்ற தாளை நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். அதையே உங்கள் சம்மதம் என்று காட்டுவார்கள். நிறுத்தியே விட்டால், அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் என் அலுவலகத்துக்கு அடிக்கடி வருகிறார்கள்.

இந்த ஆண்டுக்கான திட்டத்தை இன்னும் ஒப்பமிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்பமிடுமுன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பவுசரோ தாங்கியோ ஏழு நாளுக்கு மேல் இல்லாதுபோனால், அந்த மாத இலக்கு இரு தரப்பும் எழுத்தில் ஏற்கும் அளவுக்குத் திருத்தப்படும் என்று. மறுத்தால், கேட்டதையும் மறுத்ததையும் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.