துணியில் பரிசு சுற்ற எவ்வளவு துணி வெட்ட வேண்டும்?

"பழைய பருத்திப் படுக்கை விரிப்பை வெட்டி, 20 செ.மீ. நீளம், 15 அகலம், 8 உயரமுள்ள பெட்டியைச் சுற்றப் பார்க்கிறேன். எவ்வளவு வெட்டுவது? முடிச்சும் நிற்காமல் நழுவுகிறது."

சதுரமாக வெட்டுங்கள். நீளத்தை இரண்டு மடங்கும் உயரத்தை இரண்டு மடங்கும் கூட்டி, முடிச்சுக்கு 20 செ.மீ. சேருங்கள். உங்கள் பெட்டிக்கு 76 வரும். இது துணியின் மூலைக்கு மூலை அளவு, 1.4 ஆல் வகுத்தால் பக்கம் சுமார் 54. ஓரம் மடித்துத் தைப்பதென்றால் 58 வெட்டுங்கள். தைக்காவிட்டால் நூல் பிரிந்துகொண்டே இருக்கும், அப்புறம் திரும்பப் பயன்படுத்த முடியாது.

பெட்டியை நடுவில், அதன் நீளம் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலையை நோக்கி இருக்கும்படி வையுங்கள். அகலப் பக்கத்து மூலைகளை முதலில் மேலே மடித்து, நுனியை உள்ளே செருகுங்கள். மற்ற இரண்டையும் மேலே கட்டுங்கள்.

நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போடுவதுதான். முதலில் வலதை இடதின் மேல், அடுத்து இடதை வலதின் மேல் போட வேண்டும். சரியாக வந்தால் நுனிகள் இழுத்த திசையிலேயே படுத்திருக்கும். குறுக்கே விறைத்து நின்றால் அவிழ்த்துக் கட்டுங்கள். பருத்தி நன்றாகப் பிடிக்கும். பாலியஸ்டர், சரியாகக் கட்டினாலும் வழுக்கும்.

துணி போதாவிட்டால் பழுப்புக் காகிதப் பையைப் பிரித்து, உள்பக்கம் வெளியே தெரியச் சுற்றலாம். ஒட்டுநாடா வேண்டாம், சணல் கயிறு போதும். காகிதம் கிழியாமல் திரும்பக் கிடைக்கும். பளபளப்புத் தூள் ஒட்டிய தாளை மட்டும் வாங்காதீர்கள், அது மறுசுழற்சிக்கு ஆகாது.