ரூபாய் கைமாறாமலே ரூபாய்க்கு ஃபார்வேர்டு எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். சென்னை வாடிக்கையாளர் ஒருவர் மூன்று மாதம் கழித்து 9.5 கோடி ரூபாய் தர வேண்டும், பில் ரூபாயில்தான். அதற்குள் ரூபாய் இறங்கிவிடுமோ என்று பயம். வங்கியில் கேட்டால் என்.டி.எஃப். என்று ஒரு ஃபார்வேர்டு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், ஆனால் அதில் ரூபாயே கைமாறாதாம். பிறகு எதற்கு அது? 9.5 கோடிக்கும் போடலாமா?

பதில்: முழு 9.5 கோடிக்கும் போடாதீர்கள். காரணம் பிறகு, முதலில் கணக்கு.

இந்தியாவுக்கு வெளியே ரூபாயை இஷ்டம்போல் வாங்கி விற்க முடியாது. சிங்கப்பூர் வங்கியிடம் நீங்கள் கோடிக்கணக்கில் ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்க வழியில்லை. சாதாரண ஃபார்வேர்டில், பிறகொரு நாளுக்கான விலையை இன்றே பேசிவைத்து, அந்த நாளில் பணத்தையே மாற்றிக்கொள்வார்கள். இங்கே அது முடியாததால், என்.டி.எஃப். ஒப்பந்தத்தில் பேசிய விலைக்கும் அப்போதைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும், அதுவும் அமெரிக்க டாலரில், தீர்த்துக்கொள்வார்கள். கொரிய வோன், தைவான் டாலர், பிரேசில் ரியால் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

பேச்சுக்கு, இன்று டாலர் 85 ரூபாய், மூன்று மாத என்.டி.எஃப். விலை 85.50 என்று வையுங்கள். (அந்த ஐம்பது பைசா வங்கியின் ஜோசியம் இல்லை, பெரும்பாலும் ரூபாய் வட்டிக்கும் டாலர் வட்டிக்கும் உள்ள இடைவெளிதான்.) 10 லட்சம் டாலருக்கு, அதாவது 8.55 கோடி ரூபாய்க்கு, 85.50-இல் டாலர் வாங்குவதாக ஒப்பந்தம் போடுகிறீர்கள். தீர்வு நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்னால், மும்பையில் எஃப்.பி.ஐ.எல். என்ற அமைப்பு மதியம் வெளியிடும் ரெஃபரன்ஸ் ரேட்டை, அதாவது அன்றைய டாலர் விலையைப் பார்ப்பார்கள். அது 87 என்று வந்தால், ஒரு டாலருக்கு ஒன்றரை ரூபாய் உங்கள் பக்கம், மொத்தம் 15 லட்சம் ரூபாய். அதை 87-ஆல் வகுத்து வங்கி உங்களுக்கு 17,241 டாலர் தரும். சென்னையிலிருந்து வரும் 8.55 கோடி அன்றைய விலையில் 9,82,759 டாலர் ஆகும். இரண்டையும் கூட்டுங்கள், சரியாக 10 லட்சம்.

ரூபாய் ஏறி 84-இல் நின்றால் நீங்கள்தான் 17,857 டாலர் கட்ட வேண்டும், உங்கள் ரூபாயோ 10,17,857 டாலராக மாறும். கழித்தால் மறுபடி அதே 10 லட்சம். கையில் ரூபாய் வராமலே விலை பூட்டப்படுவது இப்படித்தான்.

ஆனால் இது சரியாக வேலை செய்ய, ஒப்பந்தத் தொகையும் உண்மையில் வரும் ரூபாயும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் வேலை தொழில்நுட்பச் சேவைக் கட்டணமாகக் கருதப்பட்டால், இரட்டை வரி ஒப்பந்தப்படி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். 9.5 கோடியில் 95 லட்சம் போனால் மிஞ்சுவது 8.55 கோடி. மேலே நான் அந்தத் தொகையை எடுத்தது சும்மா இல்லை. முழுத் தொகைக்கும் போட்டுவிட்டு ரூபாய் ஏறினால், வராத 95 லட்சத்துக்கும் சேர்த்து நஷ்டம் கட்டுவீர்கள். எவ்வளவு பிடிப்பார்கள் என்று முதலில் ஆடிட்டரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அப்புறம் தேதி. நான் பார்த்தவரை நிறையப் பேர் அடிபடுவது இங்கேதான். வாடிக்கையாளர் பணத்தை இரண்டு வாரம் தள்ளிப் போட்டாலும் என்.டி.எஃப். காத்திருக்காது. 84-இல் முடிந்தால் 17,857 டாலரை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து தீர்வு நாளிலேயே எடுத்துக் கட்ட வேண்டும், அந்த இரண்டு வாரத்தில் ரூபாய் திரும்ப இறங்கினால் ஈடுகட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே பில்லில் உள்ள தேதியை நம்பாதீர்கள். இந்த ஆள் போன நாலு பில்லுக்கு உண்மையில் என்றைக்குப் பணம் போட்டார் என்று பார்த்து அந்தத் தேதிக்குப் போடுங்கள். பணம் எப்போது வரும் என்றே சொல்ல முடியாதவர் என்றால், பாதித் தொகைக்கு மட்டும் போதும்.

வாடிக்கையாளர் தரும் ரூபாயை டாலராக்கி அனுப்பும் இந்திய வங்கியும் அதை எஃப்.பி.ஐ.எல். விலையிலேயே மாற்றித் தராது, தன் மார்ஜினைக் கழித்துக்கொள்ளும். அதனால் மேலே சொன்ன 10 லட்சம் காகிதத்தில்தான் அவ்வளவு துல்லியம், கையில் கொஞ்சம் குறையும். எவ்வளவு கழிப்பார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, உங்கள் சம்பளம், வாடகை எல்லாம் சிங்கப்பூர் டாலரில். என்.டி.எஃப். பூட்டுவது அமெரிக்க டாலருக்கும் ரூபாய்க்கும் உள்ள விலையை மட்டும்தான். அமெரிக்க டாலர் சிங்கப்பூர் டாலரிடம் சரிந்தால் அந்த அடி உங்களுக்குத்தான், அதற்குத் தனியாக ஒரு சாதாரண ஃபார்வேர்டு வேண்டும்.

ரூபாயில் பில் போடும் வெளிநாட்டு நிறுவனம் இந்திய வங்கி வழியாகவே ஃபார்வேர்டு எடுக்கவும் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பேப்பர் வேலை அதிகம். இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே ஒரு விலை வாங்கி 85.50-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.